பதினைந்துக்குப் பதினான்கு

திருச்செந்தூருக்கு மேற்கே, தேரி மணல் தொடங்குகிற இடத்தில் உள்ள ஒரு கிராமத்தில் கோயில் கொடை முடிந்த மறுவாரம் இரவு வாலிபால் போட்டி நடக்கும். சுற்று வட்டாரத்து அணிகள் எல்லாம் வரும். செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிய ஆடுகளம், நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம், ஜெனரேட்டர் சத்தம், பனை ஓலைப் பந்தலுக்கு அடியில் ஸ்கோர் எழுதுகிறவருக்கு ஒரு மேசை. அந்த மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் ஸ்கோர் ஷீட்டைப் பிழையில்லாமல் எழுதத் தெரியும், அந்தத் தாளை நான் நேசிக்கிறேன்.

இந்தப் பதிவு ஒரே ஒரு செட்டைப் பற்றியது. மூன்று செட் கொண்ட அரையிறுதி ஆட்டத்தின் முடிவு செட் அது. சிவப்புச் சட்டை அணி 15-14 என்ற கணக்கில் வென்றது. வாலிபால் விதி தெரிந்தவர்கள் இங்கேயே நின்று, 15 புள்ளி எடுத்தாலும் இரண்டு புள்ளி வித்தியாசம் இல்லாமல் செட் முடியாது, அப்படி ஒரு ஸ்கோர் வர முடியாதே என்பார்கள். ஆம், வரக்கூடாது. அன்று வந்தது.

நடந்தது இதுதான். ஆட்டங்கள் தாமதமாகிக்கொண்டே போயின. இரவு இரண்டு மணி ஆகியும் இறுதி ஆட்டம் தொடங்கவில்லை. வெளியூர் அணிகளுக்கு விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போட்டி நடத்தியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் முடிவு செட்டில் 14-14 வந்தால் அடுத்த புள்ளியோடு ஆட்டம் முடிந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு அணித் தலைவர்களும் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதிதானே, யார் அந்தப் புள்ளியை எடுக்கிறார்களோ அவர்கள் வெல்லட்டும் என்றுதான் நினைத்தேன்.

14-14 வந்தது. நீலச் சட்டை அணி சர்வீஸ் போட்டது. சிவப்பு அணி பந்தை எடுத்துக் கொடுத்து இடது முனையிலிருந்து அடித்தது. பிளாக்கைத் தாண்டிப் பந்து மண்ணில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. கைகுலுக்கல், கைதட்டல், அடுத்த ஆட்டத்துக்கான அழைப்பு.

பத்து நிமிடம் கழித்து நீல அணியின் தலைவர் என் மேசைக்கு வந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கோபம் இல்லை. "அண்ணே, நாங்கள் எங்கே விட்டோம் என்று அந்தத் தாளில் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லித் தாளைத் திருப்பி வைத்தேன். இருவரும் சேர்ந்து எண்ணினோம். எண்ணி முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்கள் எங்கேயும் விடவில்லை.

எப்படி என்று சொல்வதற்கு முன், அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்ல வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் எண்ணுக்குக் கீழேயும் சிறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒருவர் சர்வீஸ் போடுகிறார். அவருடைய அணி அந்த சர்வீஸை இழக்கும் தருணத்தில் அணியின் புள்ளி எத்தனையோ, அந்த எண்ணை அவருடைய கட்டத்தில் எழுதுவோம். சர்வீஸ் திரும்பி வந்ததும் அணி ஓரிடம் சுழலும். அடுத்தவர் போடுவார். அவர் இழக்கும்போது அவருடைய கட்டத்தில் அப்போதைய புள்ளி. இப்படி ஓர் அணியின் கட்டங்களை வரிசையாகப் படித்தால் அந்த செட்டின் கதை கிடைத்துவிடும்.

சர்வீஸ் தொடங்கிப் பந்து விழும்வரை நடப்பது ஒரு ராலி. ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி உண்டு என்ற ராலி பாயிண்ட் முறையில் ஓர் அணிக்குப் புள்ளி இரண்டு வழியில் வருகிறது. எதிரணி சர்வீஸ் போட்டு, அதை எடுத்து ஆடி வென்றால் ஒரு புள்ளியும் கூடவே சர்வீஸும் கிடைக்கும். இதைச் சைடு அவுட் என்கிறோம். தானே சர்வீஸ் போட்டு வென்றாலும் ஒரு புள்ளி. இதைப் பிரேக் என்கிறார்கள். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். ஆனால் இரண்டும் சமமான சுலபம் இல்லை. எதிரணி போடும் சர்வீஸை எடுக்கும் அணிக்குத்தான் முதல் ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பு. அதனால் நல்ல அணிகள் ஆடும்போது பெரும்பாலான ராலிகளைச் சர்வீஸை எடுக்கும் அணியே வெல்லும். டென்னிஸுக்கு நேர்மாறு. அங்கே சர்வீஸ் ஆயுதம், இங்கே அது எதிரணிக்குக் கொடுக்கும் முதல் வாய்ப்பு.

ஓர் அணியின் கட்டங்களில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் ஒன்று என்றால், சைடு அவுட்டில் ஒரு புள்ளி எடுத்து, சர்வீஸ் போட்டு, உடனே இழந்துவிட்டது என்று பொருள். வித்தியாசம் இரண்டு என்றால் நடுவே ஒரு பிரேக். மூன்று என்றால் இரண்டு பிரேக்.

அன்றைய செட்டில் முதல் சர்வீஸ் நீல அணியுடையது. அவர்களுடைய கட்டங்கள் இப்படி இருந்தன: 0, 1, 2, 4, 5, 6, 8, 9, 10, 12, 13, 14. இரண்டிலிருந்து நான்கு, ஆறிலிருந்து எட்டு, பத்திலிருந்து பன்னிரண்டு. மூன்று பிரேக். சிவப்பு அணியின் கட்டங்கள்: 1, 2, 4, 5, 6, 8, 9, 10, 11, 12, 14. இரண்டிலிருந்து நான்கு, ஆறிலிருந்து எட்டு, பன்னிரண்டிலிருந்து பதினான்கு. அவர்களுக்கும் மூன்று. அதன்பிறகு அந்தக் கடைசிச் சைடு அவுட், பதினைந்தாவது புள்ளி.

சர்வீஸ் போட்டு இரு அணிகளும் எடுத்தது ஆளுக்கு மூன்று. வித்தியாசம் சைடு அவுட்டில்தான்: சிவப்புக்குப் பன்னிரண்டு, நீலத்துக்குப் பதினொன்று. அந்த ஒன்று கூடுதல் திறமையால் வந்ததா? இல்லை. சைடு அவுட் என்பது சர்வீஸ் கைமாறுவது. அது மாறி மாறித்தான் நடக்க முடியும்: ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. எதிரணியின் சர்வீஸை முதலில் எடுத்த அணி முதல் சைடு அவுட்டைப் பெறும். இடையில் நிறுத்திக் கணக்குப் பார்த்தால் அந்த அணி ஒன்று கூடுதலாக இருக்கும், அல்லது சமமாக இருக்கும். குறைவாக இருக்கவே முடியாது. சிவப்பு அணி முதலில் சர்வீஸை எடுத்தது, ஏனென்றால் முடிவு செட்டுக்கு முன் போட்ட டாஸில் அவர்கள் வென்று, நீங்கள் போடுங்கள், நாங்கள் சர்வீஸை எடுக்கிறோம் என்று சொன்னார்கள்.

அந்தத் தலைவர் சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்படியானால் டாஸில் தோற்றோமா அண்ணே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கணக்கு சரியாக இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு புள்ளி வித்தியாசம் என்ற விதியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அதற்கு முன்பு, தற்செயலாக ஒரு புள்ளியில் யாரும் தோற்கக்கூடாது என்பதற்கான பெருந்தன்மையான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அதன் வேலை அதைவிடத் துல்லியமானது. இரண்டு அணிகளும் ஒரு பிரேக்கூட எடுக்காமல் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சர்வீஸை எடுக்கும் அணி 1-0, பிறகு 1-1, 2-1, 2-2 என்று போய் 24-23, 24-24 வரும். அடுத்தது 25-24. வித்தியாசம் ஒன்று போதும் என்றால் சர்வீஸ் போட்டு ஒரு புள்ளியும் எடுக்காத அணி செட்டை வென்றுவிடும். இரண்டு வேண்டும் என்றால் அது முடியாது. 25-24இல் அந்த அணிதான் சர்வீஸ் போட வேண்டும். அதில் வென்றால்தான் 26-24. இழந்தால் 25-25, மறுபடியும் முதலிலிருந்து.

அதாவது, எதிரணியைவிட ஒரு பிரேக்காவது கூடுதலாக எடுக்காமல் இன்று யாரும் ஒரு செட்டை வெல்ல முடியாது. முதலில் சர்வீஸை எடுத்த அணிக்கு ஒன்று கூடுதல் போதும். முதலில் சர்வீஸ் போட்ட அணிக்கு இரண்டு வேண்டும். 25-23 என்று ஒரு ஸ்கோரைப் பார்த்தால் நான் உடனே தேடுவது முதல் சர்வீஸ் யாருடையது என்பதைத்தான். வென்ற அணி முதலில் சர்வீஸ் போட்டிருந்தால் அந்த வெற்றி கொஞ்சம் கனமானது.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. 14-14, 24-24 போன்ற சமநிலைக்கு, அதாவது டியூஸுக்குப் போன எந்த செட்டின் கடைசிப் புள்ளியையும் சர்வீஸ் போட்ட அணிதான் எடுத்திருக்கும். சமநிலையிலிருந்து இரண்டு புள்ளி தொடர்ச்சியாக எடுத்தாக வேண்டும். முதலாவதை எப்படி எடுத்தாலும் இரண்டாவதற்கு சர்வீஸ் உன் கையில். 26-24, 31-29, 16-14 என்று எந்தத் தாளை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், விதிவிலக்கே கிடையாது.

எங்கள் ஊரில் பழைய ஆட்டக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்கள் காலத்தில் எல்லாப் புள்ளியுமே அப்படித்தான் என்று. உண்மைதான். அப்போது செட்டுக்கு 15 புள்ளி. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. சர்வீஸை எடுத்து வென்றால் சர்வீஸ் மட்டும் கிடைக்கும், புள்ளி கிடையாது. இன்றைய சொல்லில் சொன்னால் அந்த ஆட்டம் முழுக்கப் பிரேக்குகளால் ஆனது. அதனால்தான் சில செட்டுகள் முடியவே முடியாது. சர்வீஸ் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருக்கும், பலகையில் எண் அசையாது. ஆட்டம் எப்போது முடியும் என்று தொலைக்காட்சிக்காரர்களால் கணிக்க முடியவில்லை.

சர்வதேச வாலிபால் சம்மேளனம் இதைப் படிப்படியாக மாற்றியது. 1988இல் சியோலில் கூடிய மாநாட்டில் ஐந்தாவது செட்டுக்கு மட்டும் ராலி பாயிண்ட் வந்தது. கூடவே, செட் 17 புள்ளியைத் தாண்டக்கூடாது, 16-16 வந்தால் அடுத்த ஒரு புள்ளியோடு முடிவு என்ற உச்சவரம்பும் வந்தது. பிறகு 1998இல் டோக்கியோ மாநாட்டில் எல்லா செட்டுக்கும் ராலி பாயிண்ட் ஏற்கப்பட்டது. நான்கு செட் வரை 25, ஐந்தாவது 15, எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி வித்தியாசம், உச்சவரம்பு கிடையாது. ஒலிம்பிக்கில் இது முதலில் 2000 சிட்னியில் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பழைய 17 என்ற உச்சவரம்பைப் பற்றி எனக்கு ஓர் ஆட்டம் நினைவுக்கு வரும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் ஆடவர் காலிறுதி. இத்தாலி 1990இல் உலக சாம்பியன் ஆன அணி. பயிற்சியாளர் ஹூலியோ வெலாஸ்கோ. எதிரே நெதர்லாந்து. ஐந்தாவது செட் 16-16 வரை போனது. அடுத்த ஒரே புள்ளியில் நெதர்லாந்து 17-16 என்று வென்றது. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த அணி என்று சொல்லப்பட்ட ஒன்று, எங்கள் ஊர் நீலச் சட்டைக்காரர்களைப் போல, ஒரே புள்ளி வித்தியாசத்தில் வீட்டுக்குப் போனது. அதே 1992இல் சம்மேளனம் விதியைத் திருத்தியது. 16-16 வந்தால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும் என்று ஆனது.

நான்கு ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டா இறுதி ஆட்டத்தில் அதே இரண்டு அணிகள். மறுபடியும் ஐந்தாவது செட். மறுபடியும் நெதர்லாந்து. ஆனால் இந்த முறை ஸ்கோர் 17-15. பதினாறுக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் ஓர் எண்தான், ஆனால் எனக்கு அது பெரிய வித்தியாசம். 17-16 என்ற எண்ணை மட்டும் பார்த்து, வென்ற அணி கடைசிப் புள்ளியை எப்படி எடுத்தது என்று சொல்ல முடியாது. 17-15 என்றால் சொல்லிவிடலாம்: 15-15, 16-15, பிறகு தன் சர்வீஸில் ஒரு புள்ளி. அந்தத் தங்கப் பதக்கத்தின் கடைசிப் புள்ளி பிரேக்கில் வந்தது.

இரண்டு புள்ளி விதி முதலில் சர்வீஸை எடுப்பதன் அனுகூலத்தை முழுவதும் அழித்துவிடுகிறதா என்றால், இல்லை. குறைக்கிறது. எவ்வளவு என்று அன்றைய அரையிறுதித் தாளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த செட்டில் 29 ராலிகள். அதில் 23ஐச் சர்வீஸை எடுத்த அணிதான் வென்றது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு. அன்று யாருடைய பிளாக்கும் வேலை செய்யவில்லை, அடித்ததெல்லாம் விழுந்தது. இந்த விகிதம் அப்படியே தொடரும் என்று கொண்டால், 14-14இல் ஒரே புள்ளியில் முடிவு என்று அறிவித்த கணத்தில், சர்வீஸை எடுக்கப்போகும் அணிக்கு வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எண்பது. இரண்டு புள்ளி விதிப்படி தொடர்ந்து ஆடியிருந்தால் அதே அணிக்கு வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்தொன்று. அறுபத்தொன்றும் சமம் இல்லைதான். ஆனால் எண்பது என்பது கிட்டத்தட்ட முடிவு செய்யப்பட்ட ஆட்டம்.

அந்தக் கணக்கின் இன்னொரு பாதியும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் வருத்தியது. டியூஸில் ஓர் அணி ஒரு புள்ளி எடுத்து முன்னிலை பெறும். அடுத்த ராலியைத் தன் சர்வீஸில் வென்றால் முடிவு, தோற்றால் மறுபடியும் சமநிலை. சர்வீஸ் போடும் அணி ஐந்தில் ஒன்றுதான் வெல்கிறது என்றால், இப்படி இரண்டிரண்டு ராலிகளாகச் சராசரியாக ஐந்து சுற்று போக வேண்டும். பத்து ராலி. ஒரு ராலிக்கும் அடுத்த சர்வீஸுக்கும் சேர்த்து அரை நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் மிச்சம் பிடித்தது ஐந்து நிமிடம்.

சர்வீஸைப் பற்றிய இந்த உண்மை தெரிந்த பிறகு பெரிய ஆட்டங்களையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். எல்லாரும் பேசும் ஓர் ஆட்டம் இருக்கிறது: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மகளிர் அரையிறுதி, பிரேசிலும் ரஷ்யாவும். பிரேசில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை. நான்காவது செட்டில் 24-19. ஒரே ஒரு புள்ளி எடுத்தால் இறுதி ஆட்டம். பிரேசிலின் கைவசம் ஐந்து மேட்ச் பாயிண்ட். ரஷ்யா அந்த செட்டை 28-26 என்று எடுத்து, ஐந்தாவதை 16-14 என்று முடித்தது. "24-19" என்ற எண்ணைச் சொன்னாலே பிரேசிலில் வாலிபால் பார்க்கிறவர்களுக்கு இன்றைக்கும் அந்த இரவு நினைவுக்கு வரும்.

மனம் உடைந்துவிட்டது, பதற்றம் என்று இதை விளக்குவார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது அந்த ஐந்து வாய்ப்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைத்தான். 24ஆவது புள்ளியை எடுத்த அணிதான் அடுத்த சர்வீஸைப் போட வேண்டும். ஆகவே எந்த செட்டிலும் முதல் செட் பாயிண்ட் தன் சர்வீஸில்தான் வரும், அதாவது கடினமான பக்கத்தில். அது போய் 24-20 ஆனால் சர்வீஸ் எதிரணிக்குப் போகும். இனி வரும் நான்கு வாய்ப்பும் சுலபமான பக்கம்: சர்வீஸை எடுத்து ஒருமுறை ஒழுங்காக அடித்தால் போதும். முதல் வாய்ப்பு போனதற்காக எந்த அணியும் கலங்க வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து இரண்டாவதும் மூன்றாவதும் போகும்போதுதான். அப்போது சர்வீஸை எடுப்பதில் ஏதோ பழுது என்று அர்த்தம்.

சர்வீஸை எடுக்கும் அணி நூற்றுக்கு அறுபது ராலி வெல்கிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஐந்து புள்ளியும் தொடர்ந்து எதிரணிக்குப் போக வாய்ப்பு ஆயிரத்தில் பதினைந்து. முதல் புள்ளிக்கு அறுபது சதவீதம், பிறகு நாற்பது சதவீதம் நான்குமுறை, பெருக்கினால் வருவது அது. சிறியதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதுவும் 24-24 வரைக்கும்தான். அதன் பிறகும் பிரேசிலுக்கு ஏறத்தாழ பாதி வாய்ப்பு மிச்சம் இருந்தது. எதிரணி பிரேக்குகளை அடுக்கும்போது பயிற்சியாளர்கள் டைம் அவுட் கேட்பதும், ஆளை மாற்றுவதும் அந்த ஒரு சுழற்சியை உடைக்கத்தான். சர்வீஸ் போடுபவரின் தாளத்தைக் குலைக்க வேண்டும், பந்தை எடுக்கத் தடுமாறுபவரை மறைக்க வேண்டும். ஒரே ஆட்டக்காரரின் கட்டத்தில் வித்தியாசம் நான்கு, ஐந்து என்று தாவுவதைத் தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும், அங்கே எதிரணி ஒரு சுழற்சியில் சிக்கிக்கொண்டது.

எட்டு ஆண்டு கழித்து 2012 லண்டன் காலிறுதியில் பிரேசிலும் ரஷ்யாவும் மறுபடி மோதின. பிரேசிலுக்கு அதே பயிற்சியாளர், ஜோசே ராபர்ட்டோ குய்மராயேஸ். மறுபடியும் ஐந்தாவது செட். இந்த முறை மேட்ச் பாயிண்ட் ரஷ்யாவுக்கு, ஆறு முறை. ஆறையும் பிரேசில் தடுத்து, 21-19 என்று வென்று, அந்த ஒலிம்பிக்கில் தங்கமும் எடுத்தது. 15 புள்ளி செட் 21 வரை போனது. பழைய உச்சவரம்பு இருந்திருந்தால் 17இல் யாராவது ஒருவர் வென்றிருப்பார், நாம் அந்த 21-19ஐப் பார்த்திருக்கவே மாட்டோம். அந்தக் கடைசிப் புள்ளியும் பிரேசிலின் சர்வீஸில் வந்ததுதான், வேறு வழியே இல்லை.

முடிவு செட் 15 புள்ளியோடு நிற்பதால் இதெல்லாம் அங்கே இன்னும் கூர்மையாகிறது. 25 புள்ளி செட்டில் தொடக்கத்தில் இழந்த ஒரு பிரேக்கைத் திருப்பி எடுக்க நேரம் இருக்கும். 15இல் அணி இரண்டு சுற்று சுழல்வதற்குள் செட் முடிந்துவிடும், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு முறை சர்வீஸ் போடக் கிடைத்தால் பெரிது. அதனால்தான் முடிவு செட்டுக்கு மட்டும் தனியாக மறுபடி டாஸ் போடுகிறார்கள். முந்தைய செட்டுகளில் முதல் சர்வீஸ் மாறி மாறி வரும், இங்கே அப்படிச் சமன் செய்ய அடுத்த செட் இல்லை. எட்டாவது புள்ளியில் பக்கம் மாறுவதும் இதற்காகத்தான். உள்ளரங்கில் அது ஒரு சடங்கு போலத் தோன்றலாம். எங்கள் தேரிக்காட்டில் ஒரு பக்கம் காற்றுக்கு எதிரே, மறுபக்கம் காற்றோடு. காற்றுக்கு எதிரே போடும் சர்வீஸ் திடீரென்று இறங்கும், எடுப்பவர் திணறுவார். எட்டில் பக்கம் மாறாவிட்டால் டாஸில் நல்ல பக்கம் கிடைத்தவர்கள் பாதி ஆட்டத்தை வாங்கிவிடுவார்கள்.

அந்த அரையிறுதிக்கு மறு ஆண்டு, போட்டி அறிவிப்பை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நடத்துபவர்களிடம் போய் உட்கார்ந்தேன். பழைய தாளைக் கொண்டு போயிருந்தேன். கட்டங்களைக் காட்டி, மூன்று மூன்று என்று எண்ண வைத்தேன். ஒரு பெரியவர், "ஐந்து நிமிடம்தானே தம்பி, இதை அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். அப்போது எனக்கே தெரியாது என்றேன். அறிவிப்பின் கடைசி வரியில் "எல்லா செட்டிலும் இரண்டு புள்ளி வித்தியாசம் கட்டாயம்" என்று சேர்த்தார்கள். தாமதத்தைக் குறைக்க வேறு வழி செய்தார்கள். முதல் ஆட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கினார்கள், லீக் ஆட்டங்களில் இரண்டு ஆடுகளம் போட்டார்கள்.

நீல அணி அந்த ஆண்டும் வந்தது. கால் இறுதியிலேயே அவர்களுக்கு முடிவு செட். 14-14 வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. 15-15. 16-16. எதிரணியின் சர்வீஸை எடுத்து 17. அடுத்து நீலத் தலைவரே சர்வீஸ் போட்டார். ஓங்கி அடிக்கவில்லை. மிதந்து வந்த பந்து இரண்டு பேருக்கு நடுவே போய், யார் எடுப்பது என்ற தயக்கத்தில் சரியாக எடுக்கப்படாமல் வலைக்கு மேலே திரும்பி வந்தது. நீல அணி அடித்து முடித்தது. 18-16. டியூஸ் தொடங்கியதிலிருந்து ஆறு ராலி, மூன்று நிமிடம்.

கையெழுத்துப் போட அவர் மேசைக்கு வந்தார். பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைத் தன் பக்கம் திருப்பி, தன் அணியின் கடைசி இரண்டு கட்டங்களைத் தேடினார். ஒன்றில் 16, அதற்கு அடுத்ததில் வட்டமிட்ட 18. அந்த இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.